வாழ்த்தைப் பொதுவில் போடலாமா?

அத்தைக்கு 60 வயது. குடும்பப் படத்தோடு ஃபேஸ்புக்கில் அவரை டேக் செய்து, "60-வது பிறந்தநாள் வாழ்த்துகள், சரோஜா அத்தை!" என்று போடத் தோன்றும். அன்புதான். ஆனால் பெயர், பிறந்த தேதி, வருடம் மூன்றும் அந்த ஒரே வரியில் வெளியே போய்விடுகின்றன.

டவுன்லோடு செய்யும் இ-ஆதார் கோப்பின் பாஸ்வேர்டு, பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளும் பிறந்த வருடமும்தான். 2025-இல் 60 என்றால் 1965, ஆக, SARO1965. அந்தக் கோப்பு எங்கோ ஒரு ஜெராக்ஸ் கடைக் கணினியில் கிடந்தால், திறக்க வேறெதுவும் வேண்டாம்.

அவருடைய ப்ரொஃபைலை முதலில் பாருங்கள். ஃபேஸ்புக்கில் தேதியையும் வருடத்தையும் தனித்தனியே மறைக்கலாம். வருடத்தை மறைத்திருந்தால் வயதை எழுதாதீர்கள். தேதியே தெரியவில்லையென்றால் வாட்ஸ்அப்பில் தனியாக வாழ்த்துங்கள். வீட்டில் சமீபத்தில் துக்கம் நடந்திருந்தாலும் அப்படியே. பொதுவில் குவியும் வாழ்த்துகளுக்கெல்லாம் பதில் சொல்ல அவரால் முடியாது.

அவரே விழாப் படம் போட்டுவிட்டாரா? தாராளமாகக் கமென்ட்டில் வாழ்த்துங்கள். ஏற்கெனவே வயதோடு போட்டுவிட்டவர்கள், 'எடிட்' செய்தால் போதாது, பழைய வரி எடிட் ஹிஸ்டரியில் தெரியும்; அந்தப் பதிவையே இன்றே நீக்கிவிடுங்கள்.