ஒவ்வொரு வாயுவுக்கும் ஓர் அளவுகோல்

சிஎன்ஜி காரின் டிக்கியில் இருக்கும் 60 லிட்டர் சிலிண்டரை எடுத்துக்கொள்வோம். பங்கில் அதை 200 பார் அழுத்தம் வரை நிரப்புகிறார்கள். வெப்பநிலை 27 டிகிரி செல்சியஸ், அதாவது 300 கெல்வின். உள்ளே எத்தனை கிலோ வாயு இருக்கும்? பள்ளியில் படித்த PV = nRT சமன்பாட்டில் போட்டுப் பார்த்தால், மீத்தேனுக்கு 7.7 கிலோ என்று விடை வரும். உண்மையில் சுமார் 9.3 கிலோ இருக்கும். மீத்தேன் மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஈர்ப்பதால், சமன்பாடு சொல்வதைவிட நெருக்கமாக அடங்கிவிடுகின்றன.

அதே சிலிண்டரில், அதே வெப்பநிலையில், அதே அழுத்தத்தில் ஹைட்ரஜனை நிரப்பினால் கதை தலைகீழ். சமன்பாடு சொல்வதைவிடப் பத்து சதவீதத்துக்கும் மேல் குறைவாகவே ஏறும்.

இந்த விலகலை Z என்ற ஓர் எண்ணால் குறிக்கிறார்கள். தமிழ்ப் பாடநூல்களில் இதன் பெயர் அமுக்கத்திறன் காரணி. சமன்பாட்டை அப்படியே பின்பற்றும் வாயுவுக்கு Z = 1. நம் சிலிண்டரில் மீத்தேனுக்கு அது 0.83, ஹைட்ரஜனுக்கு ஏறக்குறைய 1.12. அப்படியானால் ஒவ்வொரு வாயுவுக்கும், ஒவ்வொரு அழுத்தத்துக்கும், ஒவ்வொரு வெப்பநிலைக்கும் தனித்தனியாக அளந்து அட்டவணை போட வேண்டுமா? வேண்டியதில்லை என்று 1880இல் காட்டியவர் நெதர்லாந்தைச் சேர்ந்த இயற்பியலாளர் யோஹானஸ் வான் டெர் வால்ஸ்.

அவருடைய யோசனைக்கு அடித்தளம் போட்டது, பெல்ஃபாஸ்ட் நகரில் தாமஸ் ஆண்ட்ரூஸ் கார்பன் டை ஆக்சைடை வைத்துச் செய்த சோதனை. 31 டிகிரி செல்சியஸுக்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் அந்த வாயு திரவமாகத் தனியே பிரிவதில்லை என்று 1869இல் அவர் அறிவித்தார். இப்படிப்பட்ட எல்லை ஒவ்வொரு வாயுவுக்கும் உண்டு. அதை நிலைமாறு வெப்பநிலை என்கிறோம். அந்த வெப்பநிலையில் திரவமாக்கத் தேவைப்படும் அழுத்தம் நிலைமாறு அழுத்தம். மீத்தேனுக்கு இவை 190.6 கெல்வின், 46 பார். நைட்ரஜனுக்கு 126.2 கெல்வின், 34 பார். ஹைட்ரஜனுக்கு வெறும் 33 கெல்வின், 13 பார்.

வான் டெர் வால்ஸ் இந்த எல்லையையே அளவுகோலாக எடுத்துக்கொண்டார். வாயுவின் வெப்பநிலையை அதன் நிலைமாறு வெப்பநிலையால் வகுத்தால் கிடைப்பது குறைத்த வெப்பநிலை, Tr. அழுத்தத்தை அதே முறையில் வகுத்தால் குறைத்த அழுத்தம், Pr. கன அளவுக்கும் இப்படி ஒரு Vr உண்டு. ஐம்பதுக்கு 40 எடுத்த மாணவியையும் நூறுக்கு 80 எடுத்த மாணவியையும் சமமாக மதிப்பது போலத்தான் இது. இந்த விகிதங்களுக்கு அலகு கிடையாது. அவருடைய வாயுச் சமன்பாட்டில் ஈர்ப்புக்கு a, மூலக்கூறின் பருமனுக்கு b என வாயுவுக்கு வாயு மாறும் இரு எண்கள் இருந்தன. குறைத்த அளவுகளில் எழுதியதும் அவை இரண்டும் காணாமல் போயின:

(Pr + 3/Vr²)(3Vr − 1) = 8Tr

இதில் எந்த வாயுவின் அடையாளமும் இல்லை. Tr, Pr இரண்டும் ஒன்றாக இருக்கும் வாயுக்கள் ஒரே மாதிரி நடந்துகொள்ளும் என்பதே இதன் பொருள். இதுதான் ஒத்த நிலைகளின் விதி.

இனி சிலிண்டர் கணக்கைப் பார்ப்போம். மீத்தேனுக்கு Tr என்பது 300 ÷ 190.6, அதாவது 1.57. Pr என்பது 200 ÷ 46, அதாவது 4.35. ஹைட்ரஜனுக்கோ Tr ஒன்பது, Pr பதினைந்துக்கு மேல். வெப்பமானியும் அழுத்தமானியும் ஒரே எண்ணைக் காட்டினாலும் இவை ஒத்த நிலையில் இல்லை. ஹைட்ரஜன் தன் எல்லையைவிட ஒன்பது மடங்கு சூட்டில் இருக்கிறது. அந்த வேகத்தில் ஈர்ப்பு எடுபடாது. மூலக்கூறுகள் அடைத்துக்கொள்ளும் இடமே மேலோங்கி நிற்கும். அதனால்தான் Z ஒன்றைத் தாண்டுகிறது.

மீத்தேனுக்கு ஜோடியாக நைட்ரஜனைக் கொண்டுவர வேண்டுமானால், அதை 198 கெல்வினுக்கு, அதாவது மைனஸ் 75 டிகிரிக்குக் குளிர்வித்து 148 பார் அழுத்தத்தில் வைக்க வேண்டும். அப்போது Tr 1.57, Pr 4.35. நைட்ரஜனின் Z மதிப்பும் சில சதவீத வேறுபாட்டுக்குள் மீத்தேனுடையதை நெருங்கிவிடும். பல வாயுக்களின் அளவீடுகளைச் சேர்த்து வரைந்த பொது வரைபடம் பொறியாளர்களின் கையேடுகளில் இருப்பது இந்தத் துணிவில்தான். Tr, Pr இரண்டும் தெரிந்தால் Z மதிப்பை அதில் நேரடியாகப் படித்துக்கொள்ளலாம்.

வரைபடத்தை அளவீடுகளிலிருந்து வரைவதற்குக் காரணம் உண்டு. நிலைமாறு புள்ளியில் Z எல்லா வாயுவுக்கும் 0.375 இருக்கும் என்கிறது வான் டெர் வால்ஸின் சமன்பாடு. ஆர்கானிலும் நைட்ரஜனிலும் அளந்தால் 0.29தான் வருகிறது. சமன்பாடு துல்லியம் தவறினாலும், இரண்டு வாயுக்களும் ஒரே எண்ணில் வந்து நிற்கின்றன பாருங்கள். சமன்பாட்டைவிட விதி உறுதியானது.

அந்த உறுதியை நம்பிப் பெரிய காரியத்தில் இறங்கியவர் லெய்டன் பல்கலைக்கழகத்தின் ஹைக்கே காமர்லிங் ஓனஸ். ஹீலியம் அதுவரை எவருக்கும் திரவமாகப் பிடிபடவில்லை. அதன் நிலைமாறு வெப்பநிலை என்னவென்று தெரியாமல் கருவியை வடிவமைக்க முடியாது. திரவமாக்கிப் பார்க்காமல் அதை நேரடியாக அளக்கவும் முடியாது. ஓனஸ் ஹீலியத்தை வாயு நிலையிலேயே கடுங்குளிரில் அழுத்தி, அதன் விலகல்களை அளந்தார். மற்ற வாயுக்களின் நடத்தையோடு அவற்றைப் பொருத்தி, எல்லை ஐந்து கெல்வின் அளவில் இருக்கும் என்று கணித்தார். 1908 ஜூலை 10 அன்று, திரவ ஹைட்ரஜனால் முன்குளிர்வித்த அவருடைய கருவியில் ஹீலியம் திரவமானது. இன்று ஏற்கப்பட்ட மதிப்பு 5.2 கெல்வின்.

விதி எங்கே பிசகும்? மூலக்கூறுகள் உருண்டையாக, பருமன், ஈர்ப்பு என்ற இரண்டு விஷயங்களில் மட்டுமே வேறுபட்டால் அது நன்றாகப் பலிக்கும். ஆர்கான், கிரிப்டான், ஆக்சிஜன், மீத்தேன் இந்தக் கூட்டத்தில் சேரும். நீரும் அம்மோனியாவும் சேராது. அவற்றின் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பால் ஒன்றையொன்று குறிப்பிட்ட திசையில் பற்றிக்கொள்கின்றன. ஹைட்ரஜனும் ஹீலியமும் மிக இலேசானவை என்பதால் தாழ்ந்த வெப்பநிலைகளில் குவாண்டம் விளைவுகள் குறுக்கிடும். அவற்றுக்கு நிலைமாறு வெப்பநிலையோடு 8 கெல்வினும், நிலைமாறு அழுத்தத்தோடு 8 வளிமண்டலமும் கூட்டிவிட்டு வகுப்பது பொறியாளர்களின் வழக்கம்.

ஒரு பொருள் கூட்டத்தில் சேருமா என்று பார்க்க எளிய சோதனை உண்டு. Tr 0.7 இருக்கும்போது அதன் ஆவி அழுத்தத்தைப் பார்க்க வேண்டும். ஆர்கானுக்கு அது நிலைமாறு அழுத்தத்தில் பத்தில் ஒரு பங்கு. நீருக்கு Tr 0.7 என்பது சுமார் 180 டிகிரி செல்சியஸ். அங்கே ஆவி அழுத்தம் 10 பார். நிலைமாறு அழுத்தமோ 221 பார். பத்தில் ஒரு பங்காவது வேண்டிய இடத்தில் இருபத்திரண்டில் ஒரு பங்குதான் இருக்கிறது. 1955இல் கென்னத் பிட்சர் இந்தக் குறையையே மூன்றாவது எண்ணாக்கி, Tr, Pr உடன் சேர்த்தார். நீளமான ஹைட்ரோகார்பன்கள் அதனால் கணக்குக்குள் வந்தன. நீரைப் போலத் திசைபார்த்துப் பிணைபவற்றை அந்த மூன்றாவது எண்ணாலும் முழுதாகப் பிடிக்க முடியவில்லை. நீராவிக்கு இன்றும் பொறியாளர்கள் தனி அட்டவணையைத்தான் புரட்டுகிறார்கள்.