‘இயலாது’ என்று எழுதும் மின்னஞ்சல்

தீபாவளிக்கு இன்னும் ஐந்து நாள்களே உள்ளன. சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்தில் உள்ள ஒரு பலகாரக் கடைக்குத் திங்கட்கிழமை காலையில் ஒரு மின்னஞ்சல் வருகிறது. அதை அனுப்பியவர் 30 போத்தல் முறுக்கும் 20 பெட்டி பால்கோவாவும் வேண்டுமென்று கேட்டு, 660 வெள்ளியை முன்பே செலுத்தியவர். பலகாரம் வியாழக்கிழமை அவருடைய வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். இப்போது அவர் எழுதுகிறார்: “சென்ற சனிக்கிழமை என் தந்தை காலமானார். இந்த ஆண்டு எங்கள் வீட்டில் தீபாவளி இல்லை. ஆர்டரை ரத்து செய்து முழுப் பணத்தையும் திருப்பித் தர முடியுமா?”

கடையின் விதி, ஆர்டர் படிவத்திலேயே அச்சிடப்பட்டிருக்கிறது. பலகாரம் அனுப்பும் நாளுக்கு ஏழு நாள் முன்னதாக ரத்து செய்தால்தான் பணம் திரும்பக் கிடைக்கும். எனவே, மின்னஞ்சல்களைக் கவனிக்கும் ஊழியர் முதலில் இப்படி எழுதுகிறார்:

“மன்னிக்கவும். படிவத்தில் ஏற்கெனவே குறிப்பிட்டபடி, ஏழு நாளுக்குள் ரத்து செய்யப்படும் ஆர்டர்களுக்குப் பணம் திருப்பித் தரப்படமாட்டாது. இது கடையின் விதி. புரிந்துகொள்வீர்கள் என நம்புகிறோம்.”

இதில் பொய் எதுவும் இல்லை. ஆயினும் வாடிக்கையாளருக்கு இதிலிருந்து தெரியவருவது ஒன்றே ஒன்றுதான்: பணம் வராது. ஏன் வராது என்பதோ, அடுத்து அவர் என்ன செய்யலாம் என்பதோ தெரியவில்லை. “ஏற்கெனவே குறிப்பிட்டபடி” என்னும் சொற்றொடர், ‘நீங்கள் சரியாகப் படிக்கவில்லை’ என்று குத்திக்காட்டுகிறது. தந்தையை இழந்து மூன்று நாள் கூட ஆகாதவரிடம் ‘புரிந்துகொள்ளுங்கள்’ என்று கேட்பது அதைவிட மோசம்.

நல்லவேளையாக, ஊழியர் அந்த மின்னஞ்சலை உடனே அனுப்பவில்லை. சமையற்கூடத்துக்குச் சென்று, “ஏன் ஏழு நாள் என்று வைத்திருக்கிறோம்?” என்று கேட்கிறார். தலைமைச் சமையற்காரர் சொல்லும் பதிலில்தான் விஷயம் இருக்கிறது. மாவும் எண்ணெயும் ஒரு வாரத்துக்கு முன்பே வாங்கப்படுகின்றன. முறுக்கு பல நாள் கெடாமல் இருக்கும் என்பதால் அதைச் சனிக்கிழமையே சுட்டு, போத்தல்களில் அடைத்துவிட்டார்கள். பால்கோவா அப்படியன்று. அது விரைவில் கெட்டுவிடும். அதனால் அனுப்புவதற்கு முதல் நாள், அதாவது புதன்கிழமைதான் அதைக் கிண்டுவார்கள். எவ்வளவு பால் வேண்டுமென்று பால்காரரிடம் செவ்வாய்க்கிழமை சொன்னால் போதும்.

ஆக, விதிக்கான காரணம் முறுக்குக்கு முழுமையாகப் பொருந்துகிறது. பால்கோவாவுக்கோ இன்னும் பொருந்தவில்லை. இதை விதியை மட்டும் படித்துக் கண்டுபிடித்திருக்க முடியாது. ‘இது கடையின் விதி’ என்பதையே காரணமாக எழுதுபவருக்கு மாற்றுவழி கண்ணில் படாமல் போவது இதனால்தான். காரணம் எங்கே முடிகிறதோ அங்கே மாற்றுவழி தொடங்குகிறது. கடை உரிமையாளரிடம் கேட்டு, ஒப்புதல் பெற்றபின், ஊழியர் எழுதிய புதிய பதில் இது:

“வணக்கம் ஐயா. உங்கள் தந்தையாரின் மறைவுக்கு எங்கள் ஆழ்ந்த அனுதாபங்கள்.

உங்கள் ஆர்டரில் பால்கோவாவை ரத்து செய்துவிட்டோம். அதற்கான 300 வெள்ளி, நீங்கள் பணம் செலுத்திய அதே கணக்கில் வெள்ளிக்கிழமைக்குள் சேர்க்கப்படும். முறுக்குக்கான 360 வெள்ளியை எங்களால் திருப்பித் தர இயலவில்லை. பலகாரம் அனுப்புவதற்கு ஏழு நாள் முன்னதாக ரத்து செய்யும் ஆர்டர்களுக்கே பணம் திருப்பித் தருகிறோம். அதற்குள் வேலையைத் தொடங்கிவிடுகிறோம் என்பதே காரணம். உங்களுக்கான 30 போத்தல் முறுக்கும் சனிக்கிழமையே சுட்டு அடைக்கப்பட்டுவிட்டது.

முறுக்கு இப்போது உங்கள் வீட்டுக்கு வரத் தேவையில்லை. சிங்கப்பூரில் நீங்கள் சொல்லும் வேறு எந்த முகவரிக்கும் கூடுதல் கட்டணமின்றி அனுப்பிவைக்கிறோம். முகவரியை நாளை மாலை 6 மணிக்குள் தெரிவித்தால் போதும். உங்களால் பதில் எழுத இயலாவிட்டால், போத்தல்களை இரண்டு வாரம் கடையிலேயே வைத்திருப்போம். யாரையேனும் அனுப்பிப் பெற்றுக்கொள்ளலாம்.”

இந்தப் பதிலிலும் மறுப்பு இருக்கிறது. பாதிக்கு மேற்பட்ட பணம் திரும்பவில்லை. அது மறைக்கப்படவும் இல்லை. “360 வெள்ளியை எங்களால் திருப்பித் தர இயலவில்லை” என்பது நேரான வாக்கியம். மென்மையாக இருக்க வேண்டும் என்று எண்ணிச் சிலர் “சற்றுச் சிரமம்”, “பரிசீலித்துப் பார்க்கிறோம்” என்றெல்லாம் எழுதுவார்கள். அதைப் படிப்பவர், இன்னும் வாய்ப்பு இருக்கிறது என்று நினைத்து மறுபடியும் எழுதுவார். இரண்டாம் முறை மறுப்பது இன்னும் கடினம். “தரப்படமாட்டாது” என்பதற்கும் “எங்களால் இயலவில்லை” என்பதற்கும் உள்ள வேறுபாட்டையும் கவனிக்கலாம். முதலாவதில் பேசுபவர் யாரென்றே தெரியாது. இரண்டாவதில் கடை தன் முடிவுக்குத் தானே பொறுப்பேற்கிறது.

அனுதாபம் ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. அது போதும். முன்பின் அறியாத ஒருவரின் துயரத்தைப் பற்றிக் கடை நீளமாக எழுதினால், அது மறுப்புக்குப் பூசிய தேன் போலத் தோன்றும்.

மாற்றுவழி என்பது வாடிக்கையாளரால் உண்மையிலேயே பயன்படுத்தக்கூடியதாக இருக்க வேண்டும். அடுத்த தீபாவளிக்கான பத்து விழுக்காட்டுத் தள்ளுபடிச் சீட்டு இந்தக் குடும்பத்துக்கு எந்த உதவியும் செய்யாது. முகவரி மாற்றம் உதவும். அந்த முறுக்கை உறவினருக்கோ நண்பருக்கோ கொடுத்துவிடலாம். அவர் செய்ய வேண்டியது என்ன, எப்போதைக்குள் செய்ய வேண்டும் என்பவையும் மின்னஞ்சலில் உள்ளன. பதில் வராவிட்டால் என்ன நடக்கும் என்பதைச் சொல்லும் கடைசி வரியைப் பலர் எழுத மறந்துவிடுவார்கள். துக்க வீட்டில் இருப்பவர் மின்னஞ்சலைத் திறக்காமலே போகலாம் என்பதால், இங்கே அந்த வரி மிகவும் தேவைப்படுகிறது.

‘ஒருவருக்காக விதியைத் தளர்த்தினால், மற்றவர்களுக்கு என்ன பதில் சொல்வது?’ என்ற கேள்வி எழலாம். இங்கே பால்கோவாவை ரத்து செய்தது துக்கத்துக்காக அன்று; அது இன்னும் செய்யப்படவில்லை என்பதற்காக. வெளியூர்ப் பயணம் காரணமாக அதே திங்கட்கிழமை ரத்து செய்ய விரும்பும் இன்னொருவருக்கும் கடை இதையே செய்யலாம். மாறாக, புதன்கிழமை இரவு எழுதுபவருக்குப் பால்கோவாவின் விலையும் திரும்பாது. உண்மையான காரணத்தை ஒட்டி முடிவெடுத்தால், ஒருவருக்குச் சொன்ன பதிலை மற்றவரிடம் மறைக்க வேண்டியிருக்காது.

எந்த விதியையும் சொல்லி மறுக்க முடியாத சூழலும் உண்டு. போத்தலைத் திறந்தவுடன் முறுக்கில் சிக்கு வாடை வீசினால், ஏழு நாள் விதிக்கு அங்கே வேலையே இல்லை. அது வாடிக்கையாளர் மனம் மாறியதால் வந்த கோரிக்கை அன்று. கடையின் பொருளில் உள்ள குறை. மலேசியாவின் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், விற்கப்படும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று கடையில் எழுதி ஒட்டினாலும் அந்த உரிமை போய்விடாது. சிங்கப்பூரிலும் குறையுள்ள பொருளுக்குப் பயனீட்டாளர் தீர்வு கேட்கச் சட்டம் இடமளிக்கிறது. அப்படிப்பட்ட மின்னஞ்சல் வந்தால், ஊழியர் மறுப்பு எழுத உட்காரக் கூடாது. எந்த நாளில் சுட்ட முறுக்கு என்று போத்தலில் உள்ள தேதியைக் கேட்டு, மாற்றித் தருவதா, பணம் தருவதா என்று மட்டும் எழுத வேண்டும்.