தீபாவளிக் கொள்முதலுக்கு ஒரு கணக்கு

தீபாவளி வரும் அக்டோபரில் ஒரு துணிக்கடை 5 லட்சம் ரூபாய் விற்பனையை எதிர்பார்க்கிறது. விற்பனை விலையில் 20 சதவீதம் இலாபம் எனில், அச்சரக்கின் அடக்கவிலை 4 லட்சம். கடையின் சரக்கு ஆண்டுக்கு 6 முறை சுழல்வதால், மாத இறுதியில் அடுத்த இரு மாத விற்பனைக்குரிய சரக்கு கையிருப்பில் இருத்தல் வேண்டும். நவம்பருக்கும் டிசம்பருக்கும் அடக்கவிலையில் தலா 3 லட்சம் தேவை. ஆகவே இறுதி இருப்பு 6 லட்சம். தொடக்க இருப்பு 7 லட்சம். நான்கையும் ஆறையும் கூட்டி ஏழைக் கழித்தால், கொள்முதல் 3 லட்சம்.

அக்டோபர் விற்பனையை அடக்கவிலையில் கொள்ளாது விற்பனை விலையிலேயே கொண்டால், விடை 4 லட்சமாகிவிடும். மிகுதியாக வாங்கிய 1 லட்சத்துச் சரக்கு பண்டிகைக்குப் பின்னும் அலமாரியில் தங்கும். ரொக்கக் கடனில் வாங்கியிருப்பின், அதற்கு வட்டியும் ஏறிக்கொண்டிருக்கும்.