படித்து முடித்தவர்கள் எங்கே? - முதல்வருக்கு ஒரு குறிப்பு

பட்டம் வாங்கிப் போன மாணவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள் என்று ‘நாக்’ குழு கேட்கிறது. என்.ஐ.ஆர்.எஃப் தரவரிசைக்கும் வேலைக்குப் போனவர்கள், மேற்படிப்பில் சேர்ந்தவர்கள், வேலைக்குப் போனவர்களின் இடைநிலைச் சம்பளம் ஆகியவற்றைக் கொடுக்க வேண்டும். பல கலை அறிவியல் கல்லூரிகளில் இதற்குக் கையில் இருப்பது வளாக நேர்காணல் பட்டியலும் துறைவாரி வாட்ஸ்அப் குழுக்களும்தான். அதனால்தான் ஐ.க்யூ.ஏ.சி ஒருங்கிணைப்பாளர் ஒருவர், பட்டதாரிகளைத் தேடிப்பிடித்து விசாரிக்கும் கணக்கெடுப்புக்கு அனுமதியும் பணமும் கேட்டு முதல்வருக்குக் குறிப்பு எழுதுகிறார்.

முதல்வரின் முதல் கேள்வி எதுவென்று அவருக்கே தெரியும். “கூகுள் ஃபார்ம் அனுப்பினால் போதாதா? அதற்கு எதற்குப் பணம்?”

இதற்கு விடை சொல்லாத குறிப்பு மேசையிலேயே கிடக்கும். ஒரு கல்லூரியைக் கற்பனை செய்து கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2024 ஏப்ரலில் 600 பேர் படிப்பை முடித்தார்கள். ஃபார்ம் அனுப்பியதும் 150 பேர் நிரப்பினார்கள். அவர்களில் 120 பேர் வேலையில் இருக்கிறார்கள். அதாவது 80 சதவீதம். பதில் தராதவர்களை விடாமல் தொலைபேசியில் அழைத்ததில் இன்னும் 300 பேர் கிடைத்தார்கள். அவர்களில் வேலையில் இருப்பவர்கள் 150 பேர், அதாவது பாதி. இரண்டையும் சேர்த்தால் 450 பேரில் 270 பேர், 60 சதவீதம். நல்ல வேலை கிடைத்தவர் சந்தோஷமாக ஃபார்மைத் திறப்பார். மூன்றாவது முறையாகப் போட்டித் தேர்வு எழுதுகிறவர் திறக்கமாட்டார். குறிப்பில் கேட்கும் பணம் அந்த இரண்டாமவரைத் தேடிப் போவதற்கான பணம்.

செலவைப் பிரித்துக் காட்டினால் முதல்வருக்கும் முடிவெடுக்க எளிது. அழைக்க வேண்டியவர்கள் 450 பேர். எடுக்காத அழைப்பு, திரும்ப அழைப்பு, பேசும் நேரம் எல்லாம் சேர்த்து ஆளுக்குச் சராசரியாக 15 நிமிடம் என்று வைத்தால் சுமார் 113 மணி நேரம். பகுதி நேரமாக அழைக்கும் மாணவர்களுக்கு மணிக்கு 100 ரூபாய் என்றால் 11,300 ரூபாய். நான்கு சிம் ரீசார்ஜுக்கு 1,200, எண் கிடைக்காதவர்களுக்குக் கடிதம் அனுப்ப 1,500, விடைகளைச் சரிபார்த்துத் தொகுக்க 3,000. எதிர்பாராச் செலவு பத்து சதவீதம் சேர்த்தால் மொத்தம் 18,700 ரூபாய். பட்டதாரி ஒருவருக்கு 31 ரூபாய் சொச்சம்.

எண்கள் கிடைப்பதே பெரும்பாடு. சேர்க்கை விண்ணப்பத்தில் இருப்பது பல நேரம் அப்பாவின் எண். கல்யாணமாகி வெளியூர் போன பெண்களின் எண் மாறியிருக்கும். அவர்கள் விடுபட்டால் முடிவே ஒருபக்கமாகச் சாயும். அதனால் மாற்றுச் சான்றிதழ் வாங்க வரும்போதே மாணவரின் சொந்த எண், மின்னஞ்சல், வீட்டார் எண் ஒன்று ஆகியவற்றை எழுதி வாங்கும் யோசனையையும் குறிப்பில் சேர்ப்பது புத்திசாலித்தனம். அடுத்த ஆண்டு தேடும் வேலை பாதியாகும்.

எப்போது கேட்பது என்பதும் முக்கியம். ஜெர்மனியின் காசெல் பல்கலைக்கழகத்திலிருந்து தொடங்கிய கூட்டு ஆய்வில், பட்டம் பெற்று ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு கழித்துத்தான் பட்டதாரிகளை விசாரிக்கிறார்கள். உடனே கேட்டால் பாதிப்பேர் இன்னும் தேடிக்கொண்டிருப்பார்கள். ஐந்தாண்டு கழித்துக் கேட்டால் எந்தப் பாடம் உதவியது என்பது மறந்திருக்கும். நம் 2024 குழுவுக்கு 2025 அக்டோபர் சரியாக இருக்கும்.

கேள்வியைக் கேட்கும் விதத்திலும் கோளாறு வரலாம். “வேலையில் இருக்கிறீர்களா?” என்று கேட்டால், அப்பாவின் மளிகைக் கடையில் உட்காருபவர் ‘இல்லை’ என்பார், ட்யூஷன் எடுத்துச் சம்பாதிக்கும் பெண்ணும் அதையே சொல்வார். “போன ஏழு நாளில் வருமானத்துக்காக என்னென்ன வேலை செய்தீர்கள்?” என்று கேட்டால் உண்மை வரும். அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பும் ஏழு நாள் கணக்கை வைத்துக் கேட்கிறது. சம்பளத்தைத் துல்லியமாகக் கேட்காமல், 10,000-க்குள், 20,000-க்குள் என்று வரம்பாகக் கேட்டால் தயங்காமல் சொல்வார்கள்.

அனுமதிப் பகுதியில் மூன்று விஷயங்கள் இருக்க வேண்டும்: சேர்க்கைப் பதிவேட்டைப் பார்க்க அனுமதி, முதல்வர் கையெழுத்திட்ட அறிமுகக் கடிதம், தகவலுக்குப் பொறுப்பாளர் யார் என்ற உத்தரவு. 2023-இன் எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒப்புதலை வலியுறுத்துகிறது. எனவே அழைத்ததும் எதற்காகக் கேட்கிறோம் என்று சொல்லி, சம்மதம் வாங்கிய பிறகே கேள்விக்குப் போக வேண்டும். அறிக்கையில் பெயர் வரக்கூடாது. நான்கே பேர் படித்த துறையின் சம்பளத்தைத் தனியாக வெளியிட்டால், பெயர் போடாவிட்டாலும் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

எத்தனை பேர் பதில் தந்தார்கள், எத்தனை பேரைப் பிடிக்கவே முடியவில்லை என்பதை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே அச்சிடுவோம் என்று குறிப்பு உறுதி தர வேண்டும். 80 என்று வெளியில் சொல்லிவந்த எண் 60 ஆனாலும் அதையே வெளியிட முதல்வர் சம்மதிக்கிறாரா என்பதைப் பணம் ஒதுக்கும் முன்பே கேட்டு எழுத்தில் வாங்கிவிடுவது நல்லது.