தீபாவளி இனிப்பை எந்தக் கணக்கில் எழுதுவது?

தீபாவளிக்குக் கடை முதலாளி நூறு இனிப்புப் பெட்டி வாங்கினால் பில் ஒன்றுதான் வரும். வருமான வரிக் கணக்கிலோ அதை மூன்றாகப் பிரிக்க வேண்டும். பெட்டி யார் கைக்குப் போனது, எதற்காகப் போனது என்பதைத்தான் சட்டம் பார்க்கிறது.

மதுரையில் ஒரு பெயிண்ட் கடை என்று வைத்துக்கொள்வோம். 2025 தீபாவளிக்கு, பெட்டி 500 ரூபாய் வீதம் நூறு பெட்டி வாங்குகிறார்கள். 5 சதவீத ஜிஎஸ்டியும் சேர்த்து பில் 52,500 ரூபாய். இருபது பெட்டி கடை ஊழியர்களுக்கு, அறுபது வாடிக்கையாளர்களுக்கு, மீதி இருபது முதலாளியின் சொந்தபந்தங்களுக்கு.

ஊழியர்களுக்குக் கொடுத்த 10,500 ரூபாய் ஊழியர் நலச் செலவு. இதை லாபத்தில் கழிக்கலாம். ஆனால் ரொக்கமாகக் கொடுக்கும் போனஸை இதில் சேர்க்கக் கூடாது. அது சம்பளத்தோடு சேர்ந்து ஊழியரின் வருமானமாகிவிடும்.

பெயிண்டர்கள், காண்ட்ராக்டர்கள், வழக்கமாக வாங்குபவர்கள் ஆகியோருக்குப் போன 31,500 ரூபாய் விற்பனை மேம்பாட்டுச் செலவு. வியாபாரத்துக்காகவே கொடுத்தது என்று காட்ட முடிந்தால் இதையும் கழிக்கலாம். கடைப் பெயர் அச்சிட்ட பெட்டியும், பெற்றவர்களின் பட்டியலும் அதற்கு நல்ல சான்றுகள்.

உறவினர்களுக்குப் போன 10,500 ரூபாய் வியாபாரச் செலவே அல்ல. கடைப் பணத்தில் வாங்கியிருந்தாலும் அது முதலாளி தன் சொந்தத்துக்கு எடுத்த பணம். 'டிராயிங்ஸ்' என்று எழுதி, லாபத்தைத் தொடாமல் விட்டுவிட வேண்டும். காரியம் ஆக வேண்டும் என்று அதிகாரிக்குக் கொடுக்கும் அன்பளிப்பையும் கழிக்க முடியாது. சட்டம் குற்றம் என்று சொல்லும் எதற்காகச் செலவு செய்தாலும் அதை வியாபாரச் செலவாக ஏற்பதில்லை.

பிரிப்பைச் சரியாகச் செய்தவர்களும் இரண்டு இடங்களில் இடறுகிறார்கள். முதலாவது ஜிஎஸ்டி. பரிசாகக் கொடுத்துவிட்ட பொருளுக்குக் கட்டிய 2,500 ரூபாயை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுக்க முடியாது. அதனால்தான் மேலே ஒவ்வொரு பெட்டியையும் வரியோடு 525 ரூபாய் என்று கணக்கிட்டோம்.

இரண்டாவது, பணம் கட்டிய விதம். ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், அந்தச் செலவைக் கழிக்க முடியாது. இனிப்புக் கடைக்கு 52,500 ரூபாயையும் நோட்டாக எண்ணிக் கொடுத்திருந்தால், ஊழியர் பங்கும் வாடிக்கையாளர் பங்கும் சேர்ந்த 42,000 ரூபாய்க்கும் கழிவு போய்விடும். அதே நாளில் பில்லை ஐந்தாறாகக் கிழித்து வாங்கினாலும் பயனில்லை. அன்றைய மொத்தத்தைத்தான் கூட்டுவார்கள். காசோலையிலோ வங்கிக் கணக்கு வழியாகவோ கட்டுங்கள்.

மார்ச் மாதம் ஆடிட்டர் கேட்கும்போது, எந்தப் பெட்டி யாருக்குப் போனது என்று யாருக்கும் நினைவிருக்காது. பெட்டி கொடுக்கும் அன்றே மூன்று பட்டியல் எழுதி, ஊழியர்களிடம் கையெழுத்து வாங்கி, பில்லோடு சேர்த்து வைத்துவிடுங்கள்.