பின்னணிச் செயலிகளை மூடினால் பேட்டரி மிச்சமாகுமா?

செல்பேசியில் அண்மையில் பயன்படுத்திய செயலிகளின் பட்டியலைத் திறந்து, ஒவ்வொன்றாகத் தள்ளி மூடுவதால் பேட்டரி மிச்சமாவதில்லை. பல நேரங்களில் கூடுதலாகவே செலவாகிறது. அந்தப் பட்டியலில் இருப்பவை எல்லாம் ஓடிக்கொண்டிருப்பவை அல்ல. பெரும்பாலானவை ரேம் நினைவகத்தில் அசையாமல் கிடக்கின்றன. சில அங்கும்கூட இல்லை, பெயரும் படமும் மட்டுமே பட்டியலில் மிஞ்சியிருக்கின்றன.

ரேம் சில்லு தன்னிடமுள்ள தகவல் அழியாதபடி மின்னூட்டத்தை ஓயாமல் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். அதில் செயலி இருந்தாலும் இடம் காலியாக இருந்தாலும் அதற்குச் செலவாகும் மின்சாரம் ஏறத்தாழ ஒன்றுதான். பேட்டரியை உண்மையில் கரைப்பவை திரை, பிராசஸர், இணையத் தொடர்பு, ஜிபிஎஸ் ஆகியவை.

நினைவகம் நிரம்பினால் என்ன ஆகும்? ஆண்ட்ராய்டு ஒவ்வொரு செயலிக்கும் ஒரு மதிப்பெண் இட்டு வைத்திருக்கிறது. திரையில் இருப்பதற்கு 0. பின்னணியில் பாட்டு ஒலிக்கும் செயலிக்கு 200. சற்றுமுன் விட்டு வந்ததற்கு 700. வேலையின்றிக் கிடப்பவற்றுக்கு 900க்கு மேல். ஒருவர் பாட்டுக் கேட்டபடியே செய்தி படித்துவிட்டு கேமராவைத் திறக்கிறார் என்று கொள்வோம். கேமராவுக்கு நிறைய நினைவகம் வேண்டும். இடம் போதாவிட்டால், காலையில் திறந்து மறந்துபோன வங்கிச் செயலி போன்ற, 900க்கு மேல் மதிப்பெண் உள்ளவற்றைத்தான் ஆண்ட்ராய்டு முதலில் நீக்கும். பாட்டு நிற்காது. ஆக, கையால் செய்ய நினைக்கும் வேலையை, தேவைப்படும் நேரத்தில், தேவையான அளவுக்கு மட்டும் செல்பேசியே செய்துகொள்கிறது. ஐபோனும் திரையை விட்டு நீங்கிய செயலியைப் பொதுவாகச் சில நொடிகளில் உறைநிலையில் வைத்துவிடும். இடம் போதாதபோது தானே அகற்றும்.

மூடிய செயலியை மறுபடி திறக்கும்போதுதான் செலவு கூடுகிறது. அதன் நிரலைச் சேமிப்பகத்திலிருந்து படித்து, திரையை முதலிலிருந்து அமைத்து, பல தகவல்களை இணையத்திலிருந்து மீண்டும் இறக்க வேண்டும். நினைவகத்தில் இருந்திருந்தால் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்திருக்கும். ஒரு நாளில் பலமுறை திறக்கும் வாட்ஸ்அப் போன்றவற்றை ஒவ்வொரு முறையும் மூடுவது வீண் செலவு.

விதிவிலக்குகளும் உண்டு. வழிகாட்டிக்கொண்டிருக்கும் வரைபடம், இருப்பிடத்தைத் தொடர்ந்து பதியும் நடைப்பயிற்சிச் செயலி, பிழையால் சிக்கிக்கொண்ட செயலி ஆகியவை பின்னணியிலும் மின்சாரத்தை இழுக்கும். இவற்றை அண்மைப் பட்டியல் காட்டிக்கொடுக்காது. அமைப்புகளில் பேட்டரிப் பகுதிக்குப் போய், எந்தச் செயலி எவ்வளவு செலவழித்தது என்று பார்க்க வேண்டும். சிறிது நேரமே பயன்படுத்திய செயலி அங்கே மேலிடத்தில் இருந்தால் அதுதான் குற்றவாளி. அதைப் பட்டியலிலிருந்து தள்ளிவிட்டால் மட்டும் போதாது. ஆண்ட்ராய்டில் சில செயலிகளின் பின்னணி வேலை அதன் பிறகும் தொடரும். அந்த ஒரு செயலிக்கு மட்டும் பின்னணி அனுமதியையோ இருப்பிட அனுமதியையோ குறைப்பதே பலன் தரும்.