சனிக்கிழமை 90, ஞாயிற்றுக்கிழமை 94: எது நல்ல ஆட்டம்?

கோல்ஃப் கிளப் உறுப்பினர் ஒருவர் சனிக்கிழமை ஓர் எளிய மைதானத்தில் 18 குழிகளை 90 அடிகளில் முடிக்கிறார். மறுநாள் வேறொரு கடினமான மைதானத்தில் 94 ஆகிறது. ஒரு குழியில் பந்து இரண்டு முறை தண்ணீரில் விழுந்ததால் அங்கே மட்டும் 11 அடிகள். மனம் சோர்ந்து வீடு திரும்புகிறார். ஆனால் ஹாண்டிகேப் கணக்கு ஞாயிற்றுக்கிழமையைத்தான் மிகச் சிறந்த நாளாக எடுத்துக்கொள்கிறது.

முதலில் அந்த 11. அமெரிக்காவின் யுஎஸ்ஜிஏவும் பிரிட்டனின் ஆர் அண்ட் ஏவும் சேர்ந்து 2020இல் கொண்டுவந்த உலக ஹாண்டிகேப் முறையில், ஒரு குழியின் சறுக்கல் முழு ஆட்டத்தையும் மூழ்கடித்துவிடாமல் இருக்க ஒரு வரம்பு உண்டு. குழியின் பாருடன் இரண்டு, கூடவே அந்தக் குழியில் அவருக்குக் கிடைக்கும் சலுகை அடி. அதற்கு மேல் எழுதக் கூடாது. பார் 4, சலுகை ஓர் அடி என்றால் வரம்பு 7. எனவே நான்கு அடிகள் கழிந்து, கணக்குக்குப் போகும் எண் 90 ஆகிவிடுகிறது.

இப்போது இரண்டு நாளும் 90. இங்கேதான் மைதானத்தின் கடினம் உள்ளே வருகிறது. ஒவ்வொரு மைதானத்துக்கும், சரியாகச் சொன்னால் ஒவ்வொரு டீக்கும், இரண்டு எண்கள் ஸ்கோர் அட்டையில் அச்சாகியிருக்கும். கோர்ஸ் ரேட்டிங் என்பது ஹாண்டிகேப் சுழியாக உள்ள ‘ஸ்க்ராட்ச்’ ஆட்டக்காரர் அங்கே எடுக்கக்கூடிய அடிகள். மற்றொன்று ஸ்லோப். தரைச் சரிவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. பலர் நினைப்பதுபோல் இது மைதானம் மொத்தத்தில் எவ்வளவு கடினம் என்பதன் அளவும் அல்ல. தேர்ந்தவரைவிடச் சாதாரண ஆட்டக்காரரை அது எவ்வளவு கூடுதலாகத் தண்டிக்கிறது என்பதன் அளவு. மிகக் குறைவு 55, மிக அதிகம் 155, நடுநிலை 113.

சனிக்கிழமை மைதானத்தின் ரேட்டிங் 69.0, ஸ்லோப் 113 என்றும், ஞாயிறு மைதானத்துக்கு 72.4, 134 என்றும் வைத்துக்கொள்வோம். சனியிலிருந்து ஞாயிறுக்குப் போகும் ஸ்க்ராட்ச் ஆட்டக்காரருக்கு 3.4 அடிகள்தான் கூடுகின்றன. ஆனால் ஹாண்டிகேப் 20 அளவில் உள்ள ‘போகி’ ஆட்டக்காரரிடம் 90.0 ஆக இருந்த எதிர்பார்ப்பு 97.3 ஆகிறது. 7.3 அடிகள்! தண்ணீரைத் தாண்டி 220 கெஜம் அடிக்க வேண்டிய இடம் ஒருவருக்குச் சாதாரணம், மற்றவருக்கு விபத்து. ஸ்லோப் அந்த இடைவெளியைத்தான் பிடிக்கிறது.

ரேட்டிங்கைவிட எத்தனை அடிகள் கூடின என்று பார்த்து, அதை 113 ஸ்லோப் உள்ள மைதானத்தின் அளவுக்கு மாற்றினால் அன்றைய ‘டிஃபரன்ஷியல்’ கிடைக்கும்:

```
(113 ÷ 113) × (90 − 69.0) = 21.0
(113 ÷ 134) × (90 − 72.4) = 14.8
```

ஆறு அடிகளுக்கு மேல் வித்தியாசம். அந்த 11ஐக் குறைக்காமல் 94ஐயே போட்டிருந்தாலும் 18.2தான் வந்திருக்கும், அதுவும் சனிக்கிழமையைவிட மேல். வானிலையால் அன்று எல்லோருமே தடுமாறியிருந்தால் கணினி இதில் சிறு திருத்தமும் செய்யும்.

கடைசி 20 ஆட்டங்களின் டிஃபரன்ஷியல்களில் மிகக் குறைந்த எட்டின் சராசரிதான் ஹாண்டிகேப் இண்டெக்ஸ். இவருடைய எட்டு: 14.8, 15.6, 16.1, 16.4, 16.9, 17.2, 17.5, 18.3. கூட்டினால் 132.8, இண்டெக்ஸ் 16.6. சனிக்கிழமையின் 21.0க்கு இதில் இடமே இல்லை. அதனால் இண்டெக்ஸ் காட்டுவது வழக்கமான ஆட்டத்தை அல்ல, நன்றாக ஆடும் நாட்களின் திறனை. பெரும்பாலான நாட்களில் அதைவிட மோசமாகவே ஆடுவோம்; அதில் தவறில்லை.

உறுப்பினர்கள் குழம்பும் இடம் ஒன்று உண்டு. சில மாதங்களில் அந்த 14.8 இருபத்தொன்றாவது ஆட்டமாகிப் பட்டியலிலிருந்து விழும். ஒன்பதாவதாகக் காத்திருந்த 19.0 எட்டுக்குள் நுழையும். இண்டெக்ஸ் 17.1க்கு ஏறும். அன்று அவர் ஆடிய ஆட்டம் எந்த விதத்திலும் காரணமல்ல. இண்டெக்ஸ் திடீரென நகர்ந்தால் புதிய ஆட்டத்தை மட்டும் பார்க்காமல், வெளியேறிய பழைய ஆட்டத்தையும் பார்க்க வேண்டும்.

இன்னொரு காரணம் டீயைத் தவறாகப் பதிவது. வெள்ளை டீயில் ஆடிவிட்டு, ரேட்டிங்கும் ஸ்லோப்பும் கூடிய நீல டீயைத் தேர்ந்தெடுத்தால் டிஃபரன்ஷியல் பொய்யாகக் குறையும்.

களத்தில் இறங்கும்போது இண்டெக்ஸை அப்படியே பயன்படுத்துவதில்லை. அதை ஸ்லோப்பால் பெருக்கி, 113ஆல் வகுத்து, ரேட்டிங்குக்கும் பாருக்கும் உள்ள வித்தியாசத்தைச் சேர்க்க வேண்டும். இரண்டுமே பார் 72 என்றால், 16.6 இண்டெக்ஸ் உள்ள நம்மவருக்குச் சனிக்கிழமை மைதானத்தில் 14 சலுகை அடிகள், ஞாயிறு மைதானத்தில் 20.